விற்ற கால் ஆப்ஷனுக்கு டெல்டா ஹெட்ஜ்: 516 பங்குகளில் தொடங்கும் கணக்கு

கால் ஆப்ஷனை விற்றவருக்குப் பிரீமியம் முதல் நாளே கைக்கு வந்துவிடும். அதற்கு மேல் ஒரு காசும் வராது. ஆனால் பங்கு விலை ஏறிக்கொண்டே போனால், போகும் பணத்துக்கு எல்லை கிடையாது. அந்த ஆபத்தைச் சமாளிக்க, அதே பங்கைக் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்வதுதான் டெல்டா ஹெட்ஜ். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு, விலை நகர நகர அது ஏன் மாறுகிறது, மாற்றிக்கொண்டே இருப்பதால் ஆகும் செலவு எங்கே போய் முடிகிறது என்பதை ஒரே உதாரணத்தை வைத்துக் கடைசி நாள்வரை பார்த்துவிடலாம். ஸ்ட்ரைக் விலை, எக்ஸ்பயரி என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் போதும்.

உதாரணம் இதுதான். பங்கின் விலை இன்று 100. ஸ்ட்ரைக்கும் 100. எக்ஸ்பயரிக்கு இன்னும் 4 வாரம். நாம் 1,000 பங்குகளுக்கான கால் ஆப்ஷனை விற்கிறோம். இந்தப் பங்கின் ஏற்ற இறக்கம் வாரத்துக்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கணக்கில் சொன்னால் இது 29 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு (4-ஐ 52-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்). வட்டி, டிவிடெண்ட், புரோக்கரேஜ் மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். இந்த எண்களை பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டால் ஒரு பங்குக்கு 3.19 வருகிறது. அதே விலைக்கு விற்கிறோம், ஆக நமக்குக் கிடைத்த பிரீமியம் 3,190.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் குறுக்குவழி

இதற்கு எதற்கு இவ்வளவு கணக்கு, விலை 100-ஐத் தாண்டினால் 1,000 பங்கையும் வாங்கிவிடலாம், 100-க்குக் கீழே வந்தால் எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேலே முடிந்தால் கொடுக்கப் பங்கு தயாராக இருக்கும், கீழே முடிந்தால் கையில் எதுவும் இருக்காது, பிரீமியம் முழுக்க லாபம்.

இதில் ஓட்டை எங்கே என்றால், 100-இல் யாராலும் துல்லியமாக வாங்கி, அதே 100-இல் துல்லியமாக விற்க முடியாது. விலை 100-ஐத் தாண்டிவிட்டது என்பது 100.20-ஐப் பார்த்த பிறகுதான் தெரியும், இறங்கிவிட்டது என்பது 99.80-ஐப் பார்த்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு முறை கோட்டைக் கடந்து திரும்பும்போதும் 1,000 பங்குக்கு 400 போய்விடும். பிரீமியம் 3,190 தானே? எட்டு முறை கடந்து திரும்பினால் தீர்ந்தது. ஒரு பங்கு தன் ஸ்ட்ரைக்கைச் சுற்றி எத்தனை முறை ஊசலாடும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, ஆகவே இந்த முறையின் செலவையும் சொல்ல முடியாது. 0-க்கும் 1,000-க்கும் ஒரே தாவலாகத் தாவாமல் படிப்படியாக நகர்ந்தால் செலவைக் கணக்குக்குள் கொண்டுவரலாம். டெல்டா அந்தப் படிகளைத்தான் சொல்கிறது.

முதல் படி: இன்றைய டெல்டாவைக் கண்டுபிடிப்பது

பங்கு விலை 1 நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்பதே டெல்டா. கால் ஆப்ஷனுக்கு இது 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும். கணக்கிட ஸ்ப்ரெட்ஷீட் போதும். A2-இல் பங்கு விலை, B2-இல் ஸ்ட்ரைக், C2-இல் வார ஏற்ற இறக்கம் (0.04), D2-இல் மீதமுள்ள வாரங்கள் என்று வைத்துக்கொண்டால், E2-இல் டெல்டாவும் F2-இல் ஆப்ஷன் விலையும் இப்படி வரும்:

```
E2: =NORM.S.DIST(LN(A2/B2)/(C2*SQRT(D2)) + C2*SQRT(D2)/2, TRUE)
F2: =A2*E2 - B2*NORM.S.DIST(NORM.S.INV(E2) - C2*SQRT(D2), TRUE)
```

வட்டியை விட்டுவிட்டதால்தான் சூத்திரம் இவ்வளவு சின்னதாக இருக்கிறது. நம் எண்களைப் போட்டுப் பாருங்கள்: டெல்டா 0.516, விலை 3.19 வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் C2-உம் D2-உம் ஒரே அலகில் இல்லை என்று அர்த்தம். ஆண்டு ஏற்ற இறக்கத்தைப் போட்டுவிட்டு நேரத்தை வாரத்தில் கொடுத்து, டெல்டா ஏன் கிட்டத்தட்ட அசையவே மாட்டேன் என்கிறது என்று ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு.

இரண்டாம் படி: பங்கை வாங்குவது

ஆப்ஷன் 1,000 பங்குகளுக்கு. டெல்டா 0.516. ஆகவே வாங்க வேண்டியது 516 பங்கு, விலை 100 வீதம் 51,600.

குறியைக் கவனியுங்கள். நாம் ஆப்ஷனை விற்றவர்கள், அதனால் நம் பக்கத்தில் ஆப்ஷனின் டெல்டா மைனஸ் 516. வாங்கிய பங்குகளின் டெல்டா பிளஸ் 516. கூட்டினால் பூஜ்யம். விலை 1 ஏறினால் ஆப்ஷனில் ஏறத்தாழ 516 நஷ்டம், பங்கில் 516 லாபம். இறங்கினால் இதற்கு நேர்மாறு. கால் விற்றவர் பங்கை வாங்க வேண்டும். புதிதாக வருபவர்களில் சிலர் "ஆப்ஷனை விற்றோமே, பங்கையும் விற்க வேண்டும்தானே" என்று குழம்பி ஆபத்தை இரட்டிப்பாக்கிக்கொள்வது உண்டு. பரிசோதனை எளிது: விலை ஏறினால் எனக்கு என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்று லாபம் மற்றது நஷ்டம் என்று வர வேண்டும்.

ஒரு வாரம் கழித்து என்ன நடக்கும்?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 516 பங்கை வாங்கி வைத்துவிட்டு ஒரு வாரம் தொடாமல் விட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். வாரக் கடைசியில் விலை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து நம் லாப நஷ்டம் இப்படி அமையும்:

| வாரக் கடைசி விலை | பங்கில் | ஆப்ஷனில் | மொத்தம் |
|---|---|---|---|
| 92 | −4,128 | +2,821 | −1,307 |
| 96 | −2,064 | +2,026 | −38 |
| 100 | 0 | +427 | +427 |
| 104 | +2,064 | −2,068 | −4 |
| 108 | +4,128 | −5,293 | −1,165 |

விலை ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய ஒரே கதைதான். எந்தப் பக்கம் போகிறது என்ற கேள்வியே மறைந்துவிட்டது, எவ்வளவு தூரம் போகிறது என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அசையாமல் இருந்தால் 427 நமக்கு. ஒரு வாரம் கழிந்ததால் ஆப்ஷன் மலிவாகிவிட்டது, அந்தத் தேய்மானம்தான் அது. இதைத் தீட்டா என்பார்கள். 4 நகர்ந்தால் கிட்டத்தட்ட சமன். 8 நகர்ந்தால் ஆயிரத்துக்கு மேல் நஷ்டம்.

சமன் ஆகும் இடம் 4 என்பது தற்செயல் இல்லை. ஆப்ஷனை விலை போட்டபோது வாரத்துக்கு 4 சதவீதம் நகரும் என்று வைத்தோம் அல்லவா, பங்கு அவ்வளவே நகர்ந்தால் வாங்கிய பிரீமியம் செலவுக்குச் சரியாகப் போய்விடுகிறது. குறைவாக நகர்ந்தால் மிச்சம், கூடுதலாக நகர்ந்தால் கையைக் கடிக்கும்.

8 நகர்ந்தபோது ஹெட்ஜ் ஏன் போதவில்லை? டெல்டா 0.516 என்பது விலை 100-இல் இருக்கும்போது மட்டும்தான் உண்மை. விலை ஏற ஏற டெல்டாவும் ஏறிவிடுகிறது, நம்மிடம் 516 பங்குதான் இருக்கிறது, ஆப்ஷன் 600, 700 பங்குகளின் வேகத்தில் நஷ்டம் தருகிறது. இறங்கும்போது ஆப்ஷன் 400, 300 பங்குகளின் வேகத்தில்தான் லாபம் தருகிறது, நம் 516 பங்கு முழு வேகத்தில் நஷ்டம் தருகிறது. இரண்டு பக்கமும் நமக்கு எதிராகவே வளைகிறது. இந்த வளைவுக்குத்தான் காமா என்று பெயர்.

ஹெட்ஜ் விகிதம் எப்படி நகர்கிறது

டெல்டா எந்த விலையில் எவ்வளவு என்பதைப் பங்குகளின் எண்ணிக்கையாகவே பார்ப்போம். நடுப்பத்தி 4 வாரம் மீதமிருக்கும்போது, கடைசிப் பத்தி ஒரே ஒரு வணிக நாள் மீதமிருக்கும்போது (வாரத்துக்கு 5 வணிக நாள், ஆகவே D2-இல் 0.2).

| பங்கு விலை | 4 வாரம் மீதம் | 1 நாள் மீதம் |
|---|---|---|
| 90 | 101 | 0 |
| 95 | 274 | 2 |
| 98 | 416 | 131 |
| 100 | 516 | 504 |
| 102 | 613 | 868 |
| 105 | 742 | 997 |
| 110 | 891 | 1,000 |

4 வாரம் இருக்கும்போது படிகள் சாய்வாக, நிதானமாக ஏறுகின்றன. 100-க்குப் பக்கத்தில் விலை 1 நகர்ந்தால் ஏறத்தாழ 50 பங்கு வாங்கவோ விற்கவோ வேண்டும். ஒரு வாரம் மீதமிருக்கும்போது அதே 1-க்கு 100 பங்கு. கடைசி நாளில் 220-க்கும் மேல். கடைசி நாள் பத்தியைப் பாருங்கள், அது கிட்டத்தட்ட நாம் ஒதுக்கிவைத்த குறுக்குவழியே: கீழே எதுவுமில்லை, மேலே எல்லாம். நேரம் குறையக் குறைய டெல்டா அந்த ஒற்றைத் தாவலை நோக்கிப் போகிறது.

ஆனால் இந்தச் செங்குத்து 100-க்கு அருகில் மட்டும்தான். விலை 110-இல் இருந்தால் கடைசி நாளில் வேலையே இல்லை, 1,000 பங்கும் கையில் இருக்கும், அப்படியே கொடுத்துவிடலாம். 90-இல் இருந்தாலும் அப்படித்தான். ஆக, ஹெட்ஜ் செய்பவரைத் தூங்கவிடாதது ஸ்ட்ரைக்கை ஒட்டி நிற்கும் விலையும் குறைந்துகொண்டே வரும் நாட்களும் சேர்ந்து வருவதுதான்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது: விலை நகராமலேயே டெல்டா மாறும். 105-இல் விலை அப்படியே நின்றால்கூட, 742-இல் தொடங்கிய எண்ணிக்கை கடைசி நாளுக்குள் 997 ஆகிவிடுகிறது. 95-இல் நின்றால் 274 பங்கும் மெல்ல மெல்ல விற்கப்பட வேண்டும். விலையை மட்டும் பார்த்து, "நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது, இன்று வேலை இல்லை" என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாம் படி: திரும்பத் திரும்பச் சரிசெய்வது

இப்போது நான்கு வாரத்தையும் நடத்திப் பார்ப்போம். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சரிசெய்கிறோம். நடைமுறையில் இது போதாது, ஆனால் கணக்கைக் கண்ணால் பின்தொடர இதுதான் வசதி.

முதல் கதையில் விலை 100, 104, 101, 105, கடைசியில் 106.

தொடக்கத்தில் 516 பங்கு வாங்கினோம், செலவு 51,600. முதல் வாரம் முடிந்து விலை 104, மீதம் 3 வாரம், டெல்டா 0.726. ஆகவே இன்னும் 210 பங்கை 104-க்கு வாங்குகிறோம், 21,840. இரண்டாம் வாரக் கடைசியில் விலை 101, மீதம் 2 வாரம், டெல்டா 0.581. இப்போது 145 பங்கு அதிகம், 101-க்கு விற்கிறோம், வரவு 14,645. மூன்றாம் வாரம் விலை 105, மீதம் ஒரே வாரம், டெல்டா 0.892. மறுபடி 311 பங்கு வாங்க வேண்டும், 105 வீதம் 32,655. கடைசி நாள் விலை 106. ஆப்ஷனை வாங்கியவர் நிச்சயம் பங்கைக் கேட்பார். கையில் 892 இருக்கிறது, குறைகிற 108-ஐ 106-க்கு வாங்குகிறோம், 11,448. ஆயிரத்தையும் கொடுத்துவிட்டு ஸ்ட்ரைக் விலைப்படி 1,00,000 வாங்கிக்கொள்கிறோம்.

வாங்கியதற்கு ஆன மொத்தச் செலவு 1,17,543. விற்றும் கொடுத்தும் வந்தது 1,14,645. ஆக ஹெட்ஜில் போனது 2,898. பிரீமியம் 3,190 கையில் இருந்தது, மிச்சம் 292.

எதுவும் செய்யாமல் இருந்திருந்தால்? கடைசி நாளில் 1,000 பங்கை 106-க்கு வாங்கி 100-க்குக் கொடுத்திருப்போம், 6,000 போயிருக்கும், பிரீமியம் கழித்து 2,810 நஷ்டம்.

நடுவில் நாம் செய்ததைக் கவனித்தீர்களா? 104-இல் வாங்கினோம், 101-இல் விற்றோம், மறுபடி 105-இல் வாங்கினோம். ஏறினால் வாங்கு, இறங்கினால் விற்றுவிடு. சாதாரணமாகப் பங்கு வாங்குபவர் தலையில் அடித்துக்கொள்ளும் வியாபாரம் இது. ஆனால் கால் விற்றவருக்கு வேறு வழியில்லை, டெல்டா எப்போதும் அவரை அதைத்தான் செய்யச் சொல்லும். இந்தச் சில்லறை நஷ்டங்களின் மொத்தத்துக்கான முன்பணம்தான் பிரீமியம்.

இரண்டாம் கதையில் விலை 100, 106, 99, 105, கடைசியில் 98. கடைசி விலை ஸ்ட்ரைக்குக் கீழே, ஆப்ஷன் செல்லாக்காசு. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கிறது.

தொடக்கம் அதேதான், 516 பங்கு. விலை 106-க்குப் போனதும் டெல்டா 0.809, ஆகவே 293 பங்கு வாங்கி 31,058 கொடுக்கிறோம். 99-க்கு இறங்கியதும் டெல்டா 0.441, 368 பங்கை விற்று 36,432 வாங்குகிறோம். மறுபடி 105, டெல்டா 0.892, 451 பங்கு வாங்கி 47,355 கொடுக்கிறோம். கடைசி நாள் 98, யாரும் பங்கு கேட்கவில்லை, 892 பங்கையும் விற்று 87,416 வாங்குகிறோம்.

கொடுத்தது 1,30,013. வந்தது 1,23,848. ஹெட்ஜில் போனது 6,165. பிரீமியத்தைக் கழித்தால் நஷ்டம் 2,975.

ஆப்ஷன் பயனில்லாமல் காலாவதியானது, அப்படியும் நமக்கு நஷ்டம். ஹெட்ஜ் செய்யாதவர் 3,190-ஐ முழுதாக எடுத்துக்கொண்டு போயிருப்பார். முதல் கதையில் ஆப்ஷன் பயன்படுத்தப்பட்டது, நமக்கு லாபம். ஹெட்ஜ் செய்யத் தொடங்கிவிட்டால், விலை ஸ்ட்ரைக்குக் கீழே முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வதில் பொருளில்லை. முதல் கதையில் பங்கு உண்மையில் நகர்ந்த வேகத்தைக் கணக்குப் போட்டால் வாரத்துக்கு 3.2 சதவீதம் வருகிறது, நாம் விற்றது 4 சதவீதத்துக்கான விலையில். இரண்டாவதில் உண்மை வேகம் 6.4 சதவீதம். லாபம் நஷ்டம் இரண்டுக்கும் காரணம் அந்த வித்தியாசம்தான். ஆகவே ஹெட்ஜ் செய்துகொண்டு கால் விற்பவர் பந்தயம் கட்டுவது ஏற்ற இறக்கத்தின் மேல்.

எத்தனை முறை சரிசெய்வது?

அடிக்கடி சரிசெய்தால் முடிவு கணக்கோடு நெருங்கி வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் புரோக்கரேஜும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் செலவாகும். முதல் கதையில் சந்தையில் வாங்கி விற்ற மொத்த மதிப்பு 1,32,188. அதற்கு 0.1 சதவீதம் செலவென்றால்கூட 132 போய்விடும், நம் லாபமே 292 தான். தினமும் சரிசெய்தால் புரளும் தொகை இதைவிடப் பெரிது.

இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, நேரம் குறித்துச் செய்வது, உதாரணமாகத் தினமும் சந்தை முடியும் முன். மற்றது, கையிலுள்ள பங்குக்கும் டெல்டா சொல்லும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் செய்வது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. நம் உதாரணத்தில் 50 பங்கு என்று வரம்பு வைத்தால், தொடக்கத்தில் விலை 1 நகர்ந்தால்தான் வேலை வரும், கடைசி நாளில் விலை 0.25 நகர்ந்தாலே வேலை வந்துவிடும். காமா எங்கே அதிகமோ அங்கே தானாகவே அடிக்கடி சரிசெய்ய வைக்கிறது. ஆனால் கடைசி நாட்களில் அதே 50-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால் செலவு எகிறும். வரம்பைக் கொஞ்சம் தளர்த்தி, அந்த அளவு ஆபத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒவ்வொரு முறையும் தேதி, விலை, மீதமுள்ள நாள், டெல்டா, வாங்கியது அல்லது விற்றது, கையிருப்பு என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அதோடு அன்றைய லாப நஷ்டத்தையும் ஒரு பத்தியில் போடுங்கள். அதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு: காமாவின் பாதியை, விலை நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். அது இழப்பு. அதற்கு எதிரே அன்றைய தேய்மானம் வரவு. முதல் வாரத்தில் காமா, அதாவது விலை 1 நகர்ந்தால் மாறும் பங்குகளின் எண்ணிக்கை, 50. விலை 8 நகர்ந்திருந்தால் அதன் பாதியான 25-ஐ 64-ஆல் பெருக்க 1,600, அதில் வரவு 427-ஐக் கழிக்க 1,173 நஷ்டம். மேலே அட்டவணையில் வந்த 1,165, 1,307 இரண்டுக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் உண்மையான கணக்கு இந்த உத்தேசத்திலிருந்து வெகுதூரம் போனால், ஏதோ ஒரு வரியில் குறியோ எண்ணிக்கையோ தவறு, அல்லது ஆப்ஷனின் ஏற்ற இறக்க மதிப்பே மாறிவிட்டது.

எங்கே கைவிடும்

கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்கலாம். பங்கு அசையாமலேயே, சந்தை இனிமேல் ஏற்ற இறக்கம் அதிகம் என்று நினைக்கத் தொடங்கினால் ஆப்ஷன் விலை ஏறும். நம் உதாரணத்தில் வாரத்துக்கு 4 சதவீதம் என்பது முதல் நாளே 5 ஆனால் ஆப்ஷன் 3.19-லிருந்து 3.99 ஆகிவிடும், 1,000 பங்குக்கு ஏறத்தாழ 800 நஷ்டம் காட்டும். பங்கை வாங்கி வைப்பது இதற்கு எதிராக ஒன்றும் செய்யாது. இதைக் குறைக்க வேறொரு ஆப்ஷனை வாங்கத்தான் வேண்டும். காமாவுக்கும் அதே பதில்தான், பங்குக்குக் காமா கிடையாது.

அடுத்தது தாவல். காலாண்டு முடிவு வந்த மறுநாள் காலை விலை 100-லிருந்து நேராக 112-இல் திறந்தால், நடுவில் எங்கேயும் வாங்க இடமே கிடைக்காது. படிப்படியாக ஏறுவது என்ற ஏற்பாடே, படிகள் இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 1987 அக்டோபர் 19 அன்று டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தபோது, விலை இறங்க இறங்க விற்கும் இதே வகைக் கணக்கை போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ் என்ற பெயரில் நடத்திக்கொண்டிருந்தவர்களால் நினைத்த விலையில் விற்க முடியவில்லை. எல்லோருடைய கணக்கும் ஒரே நேரத்தில் விற்கச் சொன்னதும் சரிவுக்கு ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. முடிவு வெளியாகும் தேதிக்கு முன் விற்ற அளவைக் குறைப்பது அல்லது தூரத்து ஸ்ட்ரைக்கில் ஒரு கால் ஆப்ஷனை வாங்கி வைத்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து.

வட்டியை ஒதுக்கினோமே, அது பெரிய விஷயமில்லை. 51,600-இல் பிரீமியம் போக 48,410 நம் பணம் முடங்குகிறது. ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் நான்கு வாரத்துக்குச் சுமார் 223. ஆனால் அதே வட்டியைச் சூத்திரத்தில் சேர்த்தால் ஆப்ஷன் விலையும் ஏறத்தாழ அவ்வளவு ஏறிவிடும், ஆகவே பிரீமியத்திலேயே அது வந்துவிடுகிறது. டிவிடெண்ட் அப்படியல்ல. எக்ஸ்பயரிக்கு முன்பே பயன்படுத்தும் உரிமையுள்ள ஆப்ஷன் என்றால், டிவிடெண்ட் தேதிக்கு முந்தைய நாள் ஆழமாக லாபத்தில் இருக்கும் காலை வாங்கியவர் அன்றே பங்கைக் கேட்டுவிடலாம். அந்த நாளில் சூத்திரம் 0.95 என்று சொன்னாலும் 1,000 பங்கையும் தயாராக வைத்திருப்பது நல்லது.

இனிக் கடைசி நாள். மூன்று மணிக்கு விலை 99.90, கையில் பாதிப் பங்கு என்று வந்தால், அன்றைய அட்டவணை எதைச் சொன்னாலும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. அரைமணி நேரத்தில் 300 வாங்கி, அடுத்த அரைமணியில் 400 விற்று, பிரீமியத்தில் மிச்சமிருந்ததையும் தின்றுவிடும். பங்காகவே கொடுக்க வேண்டிய ஆப்ஷனில் இன்னொரு தொல்லையும் உண்டு: சந்தை முடிந்த பிறகும், நம்மிடம் பங்கு கேட்பார்களா மாட்டார்களா என்று உறுதியாகத் தெரியாது, மறுநாள் காலை 500 பங்கு குறைவாகவோ கூடுதலாகவோ கண்விழிக்க நேரிடும். இப்படி ஸ்ட்ரைக்கின் மேலேயே விலை ஒட்டி நின்றால், ஆப்ஷனில் மிச்சமிருக்கும் சில காசுகளைப் பார்க்காமல், அதைத் திரும்ப வாங்கி முடித்துவிட்டு, கையிலுள்ள பங்கையும் அதே நேரத்தில் விற்றுவிடுவதையே நான் செய்வேன்.